எடை ஏறுகிறது, கை இளைக்கிறது

கல்லீரல் சுருங்கிப்போனவரின் வீட்டில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். மூன்று மாதத்தில் எடை ஐந்து கிலோ கூடியிருக்கும். வேட்டி இடுப்பில் இறுகும். ஆனால் கன்னம் ஒட்டிப்போய், தோள் எலும்பு துருத்திக்கொண்டு, சட்டையின் கைப்பகுதி தொளதொளவென்று ஆடும். "சாப்பாடு உடம்புல ஒட்டுது, எடை ஏறுது" என்று வீட்டார் ஒருபக்கம் ஆறுதல் அடைவார்கள். உண்மையில் ஏறியது சதை அல்ல, வயிற்றில் கோர்த்த நீர். ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய ஒரு கிலோ. வயிற்றில் ஏழெட்டு லிட்டர் சேர்வது இந்த நோயில் அரிதல்ல.

எடை இயந்திரத்துக்கு நீர், கொழுப்பு, தசை என்ற வேற்றுமை தெரியாது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துச் சொல்லும் பிஎம்ஐ கணக்குக்கும் தெரியாது. 168 சென்டிமீட்டர் உயரமும் 66 கிலோ எடையும் உள்ளவருக்கு பிஎம்ஐ 23.4 வரும். தாளில் பார்த்தால் ஊட்டச்சத்துக் குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதே மனிதருக்கு ஊசி வழியாக ஏழு லிட்டர் நீரை எடுத்துவிட்டால் அன்று மாலையே 59 கிலோ. சில மணி நேரத்தில் பிஎம்ஐ 20.9 ஆகிவிடுகிறது. அந்த மனிதரின் தசையில் ஒரு துளிகூட மாறவில்லை.

இப்படிப்பட்டவரின் உடம்பில் தசை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அறிய ஊட்டச்சத்து நிபுணர்கள் கையைப் பார்க்கிறார்கள். நீர் முதலில் தங்குவது வயிற்றிலும் காலிலும். தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட மேற்கை பெரும்பாலும் வீங்காமல் தப்பிவிடுகிறது. அந்த மேற்கையில் இரண்டு அளவுகள் எடுத்து, ஒரு சிறு கணக்குப் போட்டால், உள்ளே இருக்கும் தசையின் குறுக்குவெட்டுப் பரப்பு கிடைக்கும். மேற்கைத் தசைப்பரப்பு என்பது இதுதான். தேவைப்படும் கருவிகள் ஓர் அளவுநாடாவும் ஒரு காலிப்பரும் மட்டுமே.

அளவுநாடா மட்டும் போதாதா? அங்கன்வாடியில் குழந்தைகளின் கையைச் சுற்றி வண்ண நாடா வைத்துப் பார்ப்பதைப் பலரும் கண்டிருப்பார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, கடுமையான மெலிவு என்று பொருள். உடனடி ஆபத்தில் இருக்கும் குழந்தையைக் கூட்டத்தில் கண்டுபிடிக்க அந்த நாடா அருமையான கருவி. ஆனால் சுற்றளவு என்பது தோல், கொழுப்பு, தசை, எலும்பு எல்லாம் சேர்ந்த மொத்தம். 26 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள இரண்டு ஆண்களை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குக் கையின் பின்புறத் தோல் மடிப்பு 8 மில்லிமீட்டர், மற்றவருக்கு 18 மில்லிமீட்டர். கணக்குப் போட்டு எலும்பையும் கழித்தால் முதலாமவரின் தசைப்பரப்பு ஏறக்குறைய 34 சதுர சென்டிமீட்டர், இரண்டாமவருக்கு 23. நாடாவுக்கு இருவரும் ஒன்று. தசையிலோ மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம்.

இந்த வித்தியாசம் முதன்முதலில் உறைத்தது குழந்தைகளிடம்தான். உகாண்டாவிலும் ஜமைக்காவிலும் பணியாற்றிய குழந்தை மருத்துவர் டெரிக் ஜெலிஃப், குவாஷியோர்கர் என்ற ஊட்டச்சத்துக் குறைவு நோயை நெருங்கி அறிந்தவர். அந்த நோயில் குழந்தையின் உடம்பு வீங்கும், தோலுக்கடியில் கொழுப்பும் ஓரளவு மிஞ்சியிருக்கும், தசை மட்டும் கரைந்துபோயிருக்கும். எடை போட்டால் அவ்வளவு மோசமாகத் தெரியாது. 1966-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜெலிஃப் எழுதிய கையேடு, கைச் சுற்றளவையும் தோல் மடிப்பையும் எடுக்கும் முறையைக் களப்பணியாளர்களிடம் கொண்டுசேர்த்தது. 1973-ல் அவரும் மைக்கேல் கர்னியும் சேர்ந்து, இரண்டு அளவுகளையும் ஒரு கோட்டால் இணைத்தால் தசைப்பரப்பை அப்படியே படித்துக்கொள்ளும்படியான வரைபடம் ஒன்றை வெளியிட்டார்கள். கால்குலேட்டர் எல்லார் கையிலும் இல்லாத காலம் அது.

கணக்கின் உள்ளே இருக்கும் யோசனை எளிமையானது. வாழைமரத்தைக் குறுக்கே வெட்டினால் நடுவில் தண்டும், அதைச் சுற்றி மட்டைகளும் வட்டமாகத் தெரியும். மேற்கையையும் அப்படியே ஒரு வட்டமாக வைத்துக்கொள்கிறார்கள். வெளிவளையம் தோலும் கொழுப்பும். உள்வட்டம் தசை, அதன் நடுவே எலும்பு. நாடா காட்டுவது வெளிவட்டத்தின் சுற்றளவு. கொழுப்பு வளையத்தின் தடிமனைக் கழித்தால் உள்வட்டத்தின் சுற்றளவு கிடைத்துவிடும்.

அந்தத் தடிமனை எப்படி அறிவது? கையின் பின்புறம் தோலைக் கிள்ளித் தூக்கினால் தோலும் அதனடியிலுள்ள கொழுப்பும் இரண்டாக மடிந்து வரும். தசை எலும்போடு தங்கிவிடும். ஆகவே மடிப்பின் தடிமன் என்பது கொழுப்பு வளையத்தின் தடிமனைப்போல இருமடங்கு. வட்டத்தின் ஆரம் மடிப்பில் பாதியளவு குறைந்தால், சுற்றளவு மடிப்பைப்போல 3.14 மடங்கு குறையும். அந்த உள்சுற்றளவை வர்க்கப்படுத்தி, 3.14-இன் நான்கு மடங்கான 12.57-ஆல் வகுத்தால் பரப்பு வந்துவிடும்.

(சுற்றளவு − 3.14 × மடிப்பு)² ÷ 12.57

இரண்டு அளவும் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனையை மறந்ததால் வரும் பிழை பின்னால் வருகிறது.

உள்சுற்றளவோடு நிற்காமல் பரப்புவரை ஏன் போக வேண்டும் என்று கேட்கலாம். தசையின் உள்சுற்றளவு 25-இலிருந்து 22.5 சென்டிமீட்டராகக் குறைந்தால் பார்வைக்குப் பத்து சதவீத இழப்பு. பரப்பிலோ இழப்பு 19 சதவீதம். கரைந்த தசையின் உண்மையான அளவுக்குப் பக்கத்தில் இருப்பது இரண்டாவது எண். சுற்றளவை மட்டும் பார்ப்பவர் இழப்பைப் பாதியாக எண்ணிவிடுவார். அமெரிக்க மானிடவியலாளர் ரொபெர்டோ ஃப்ரிசாஞ்சோ 1981-ல் வெளியிட்ட புகழ்பெற்ற அட்டவணைகள் பரப்பையே அடிப்படையாகக் கொண்டதற்கு இதுதான் காரணம்.

இனி, முதலில் சொன்ன 66 கிலோ மனிதருக்கே வருவோம். இது விளக்கத்துக்காக எடுத்த உதாரணம்தான், ஆனால் இத்தகைய எண்கள் கல்லீரல் பிரிவில் வாடிக்கை. வயது 52 என்று வைத்துக்கொள்வோம்.

அளப்பவர் முதலில் அவரை நேராக நிற்கவைத்து, வலது முழங்கையைச் செங்கோணமாக மடக்கச் சொல்கிறார். உள்ளங்கை மேல்நோக்கி இருக்க வேண்டும். தோளின் வெளிமுனையில் விரலால் தடவினால் ஓர் எலும்பு விளிம்பு தட்டுப்படும். அங்கே ஒரு புள்ளி. மடக்கிய முழங்கையின் கூரான எலும்பு நுனி இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் இடையே பின்பக்கமாக நாடாவை வைத்து, சரிபாதியில் பேனாவால் ஒரு கோடு போடுகிறார். கண்மதிப்பில் "நடு இதுதான்" என்று முடிவு செய்வது இங்கே நடக்கும் முதல் தவறு. மேற்கை மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனில் இல்லை. கோடு இரண்டு சென்டிமீட்டர் இறங்கினால் சுற்றளவும் மாறும், மடிப்பும் மாறும்.

அடுத்து, "கையைத் தளரவிடுங்க ஐயா, முறுக்க வேணாம்" என்று சொல்ல வேண்டியிருக்கும். யாராவது கையை அளக்க வந்தால் ஆண்களுக்குத் தம்மையறியாமல் தசை இறுகிவிடும். கை பக்கவாட்டில் தளர்ந்து தொங்கும்போது, கோட்டின் மேல் நாடாவைச் சுற்றி, தோலைத் தொட்டும் அழுத்தாமலும் நிறுத்துகிறார். நாடா தோலில் குழி விழவைத்தால் இறுக்கம் அதிகம். விரல் நுழைந்தால் தளர்வு அதிகம். மூன்று முறை எடுத்த அளவுகள்: 24.1, 24.3, 24.2. சராசரி 24.2 சென்டிமீட்டர்.

கடினமான பகுதி மடிப்பு. கையின் பின்புறம், கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, இடது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை நெட்டுவாக்கில் மடித்துத் தூக்குகிறார். தசையும் சேர்ந்து பிடிபட்டுவிட்டதோ என்ற சந்தேகம் வந்தால் முழங்கையை மெல்ல மடக்கி நீட்டச் சொல்லலாம். தசை பிடிபட்டிருந்தால் விரலிடுக்கில் இருந்து நழுவும். மடிப்பை விடாமல் பிடித்தபடியே, வலது கையிலுள்ள காலிப்பரின் இரண்டு தாடைகளையும் கோட்டின்மேல் பொருத்தி, காலிப்பரின் பிடியை முழுவதும் விட்டுவிடுகிறார். நல்ல காலிப்பரில் உள்ள சுருள்வில், தாடைகள் எவ்வளவு விரிந்திருந்தாலும் சதுர மில்லிமீட்டருக்குப் பத்து கிராம் என்ற ஒரே அழுத்தத்தைத் தரும்படி செய்யப்பட்டது. கடையில் கிடைக்கும் மலிவு பிளாஸ்டிக் காலிப்பர் பலவற்றில் இந்த உறுதி கிடையாது. அழுத்துபவரின் விரல் பலத்துக்கேற்ப எண் மாறும்.

பிடியை விட்டதும் முள் சரசரவென்று இறங்கி, பிறகு நிதானப்படும். இரண்டு மூன்று விநாடிக்குள் படித்துவிட வேண்டும். அதற்கு மேல் காத்திருந்தால் கொழுப்பு நசுங்கி, முள் இன்னும் இறங்கிக்கொண்டே போகும். மடிப்பை விட்டுவிட்டுச் சற்று இடைவெளி கொடுத்து மறுபடி எடுக்கிறார். 8.8, 9.2, 9.0. சராசரி 9 மில்லிமீட்டர், அதாவது 0.9 சென்டிமீட்டர்.

கணக்கு இப்படிப் போகிறது. 3.14-ஐ 0.9-ஆல் பெருக்கினால் 2.83. அதை 24.2-இலிருந்து கழித்தால் 21.37. இது தசையின் உள்சுற்றளவு. வர்க்கப்படுத்தினால் ஏறக்குறைய 457. அதை 12.57-ஆல் வகுத்தால் 36.3 சதுர சென்டிமீட்டர்.

இதில் எலும்பும் சேர்ந்திருக்கிறது. அதோடு தசை உண்மையில் முழுவட்டமாகவும் இல்லை. ஸ்டீவன் ஹெய்ம்ஸ்ஃபீல்டும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்து 1982-ல் வெளியிட்டார்கள். நாடாவும் காலிப்பரும் சொன்ன பரப்பை, அதே கையின் சிடி ஸ்கேன் படத்தில் நேரடியாக அளந்த தசைப்பரப்போடு ஒப்பிட்டார்கள். பழைய கணக்கு தசையை 20 முதல் 25 சதவீதம்வரை கூட்டிச் சொல்வது தெரியவந்தது. எலும்பும் இரத்தக்குழாய் நரம்புக் கட்டும் கணக்கில் சேர்ந்திருப்பதும், வட்டம் என்ற அனுமானமும் சேர்ந்து செய்த வேலை அது. அவர்கள் தந்த திருத்தம் நினைவில் வைக்க எளிது. வளர்ந்த ஆணுக்கு 10 சதுர சென்டிமீட்டரையும், பெண்ணுக்கு 6.5-ஐயும் கழித்துவிட வேண்டும். குழந்தைகளுக்கு இந்தத் திருத்தம் பொருந்தாது.

நம் உதாரண மனிதருக்கு 36.3-இல் 10 போக 26.3. இதுதான் எலும்பு நீக்கிய தசைப்பரப்பு.

இந்த எண் நல்லதா கெட்டதா? ஃப்ரிசாஞ்சோவின் அமெரிக்க அட்டவணைகளில் ஐம்பது வயதை ஒட்டிய ஆண்களின் நடுமதிப்பு 50-ஐத் தாண்டி இருக்கிறது. மிகத் தாழ்ந்த ஐந்து சதவீதத்தினரின் எல்லையே 35-ஐ ஒட்டி வருகிறது. அந்த எல்லைக்குக் கீழே இருப்பவரைத் தசை கரைந்தவர் என்று அவர் வகைப்படுத்தினார். 26.3 அதற்கும் வெகுகீழே. 23.4 என்ற பிஎம்ஐ மறைத்துவைத்திருந்த செய்தி இது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அந்த அட்டவணைகளுக்கு அடிப்படை, 1970-களில் அமெரிக்காவில் நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு. நம்மவர்களின் உடலமைப்பு வேறு. ஒரே எடையில் இந்தியர்களுக்குக் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருப்பது பல ஆய்வுகளில் கண்டறியப்பட்டது. புனே அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் குழந்தைகளோடு மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் ஒப்பிட்டபோது, பிறக்கும்போதே அந்தச் சாயல் தெரிந்தது. ஆக, நலமாக உழைத்துக்கொண்டிருக்கும் ஒரு மெலிந்த தமிழ் விவசாயியைக்கூட அந்த அட்டவணை "குறைவு" பக்கம் தள்ளிவிட வாய்ப்புண்டு. எல்லைக்கோட்டுக்கு அருகில் வரும் எண்ணை வைத்து மட்டும் யாருக்கும் முத்திரை குத்தக் கூடாது. எல்லைக்கு ஒன்பது சதுர சென்டிமீட்டர் கீழே இருப்பவரின் நிலை வேறு. அங்கே அட்டவணையின் அந்நியத்தன்மை சமாதானமாகாது.

ஒரே மனிதரை மீண்டும் மீண்டும் அளப்பதில்தான் இந்த முறையின் உண்மையான பலன் இருக்கிறது. அப்போது அவருக்கு அவரே அளவுகோல்.

இரண்டு மாதம் கழித்து அவர் திரும்பி வருகிறார் என்று கொள்வோம். நீர் மறுபடி கோர்த்திருப்பதால் எடை எதையும் சொல்லாது. நாடா 24.8 சென்டிமீட்டர் காட்டுகிறது. 0.6 கூடியிருக்கிறது. வீட்டாருக்கு மகிழ்ச்சி. ஆனால் காலிப்பரைக் கேட்காமல் மகிழ முடியாது. மடிப்பு அதே 9 மில்லிமீட்டராக இருந்தால், கணக்கின் முடிவு 28.4. இரண்டு சதுர சென்டிமீட்டர் தசை திரும்பியிருக்கிறது. மடிப்பு 11 மில்லிமீட்டராகக் கூடியிருந்தால் முடிவு 26.2. அதாவது கையில் கூடியது அத்தனையும் கொழுப்பு, தசை இருந்த இடத்திலேயே நிற்கிறது. இரண்டு மில்லிமீட்டர் மடிப்பு கதையையே மாற்றிவிடுகிறது.

அவ்வளவு சிறிய வித்தியாசத்தை நம்பலாமா என்ற கேள்வி நியாயமானது. நம் உதாரணத்தில் மடிப்பை ஒரு மில்லிமீட்டர் தவறாகப் படித்தால் பரப்பில் ஒரு சதுர சென்டிமீட்டர் பிசகும். நாடாவில் ஒரு சென்டிமீட்டர் தவறினால் மூன்றரை சதுர சென்டிமீட்டர் பிசகும். மடிப்பு எடுப்பதுதான் கடினம் என்று எல்லாரும் அதில் கவனத்தைக் குவிக்கிறார்கள். மெலிந்த கையில் அலட்சியமாகச் சுற்றிய நாடா கெடுப்பது அதைவிடப் பெரிது. ஒரே ஆள், ஒரே கை, ஒரே காலிப்பர் என்பதில் பிடிவாதமாக இருந்தால் பிசகு குறையும். அப்போதும் ஓரிரு சதுர சென்டிமீட்டர் மாற்றத்தை ஒருமுறை பார்த்து முடிவுகட்டாமல், மூன்றாவது வருகையிலும் அதே திசையில் போகிறதா என்று பார்ப்பதே நல்ல வழக்கம்.

கணக்குப் பிழை ஒன்று தனியாகச் சொல்லத்தக்கது. காலிப்பர் மில்லிமீட்டரில் காட்டும், நாடா சென்டிமீட்டரில் காட்டும். அவசரத்தில் 0.9-க்குப் பதில் 9 என்றே போட்டுவிட்டால் 24.2-இலிருந்து 28.26-ஐக் கழிக்க வேண்டிவரும். விடை பூஜ்யத்துக்குக் கீழே போகும். அது அங்கேயே கண்ணில் பட்டுவிட்டால் நல்லது. கணினி அட்டவணையில் சூத்திரம் எழுதியிருந்தால் வர்க்கப்படுத்தும்போது அந்தக் கழித்தல் குறி மறைந்துவிடும். 1.3 சதுர சென்டிமீட்டர் என்று, எந்த எச்சரிக்கையும் இல்லாமல், ஒரு சாதாரண எண்போல வந்து நிற்கும். எலும்பைக் கழித்த பிறகுதான் மறுபடி அது பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். வளர்ந்தவரின் கையில் இத்தகைய எண் வந்தால் நோயாளியைப் பார்ப்பதற்கு முன் அலகைப் பார்க்க வேண்டும்.

எந்தக் கணக்கும் காப்பாற்ற முடியாத இடங்களும் உண்டு. நோய் முற்றி உடம்பெங்கும் நீர் கோர்த்துவிட்டால் மேற்கையும் தப்பாது. மேற்கையின் தோலை விரலால் சில விநாடி அழுத்தி எடுத்தால் குழி நிற்கும். காலிப்பர் வைத்தால் முள் நிதானப்படாமல் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும், இரண்டாவது அளவு முதலாவதைவிடக் குறையும், மூன்றாவது இன்னும் குறையும். நீர் பிதுங்கி விலகுகிறது என்பதற்கு அடையாளம் அது. அன்றைய அளவைக் குறிப்பில் சேர்க்காமல் விடுவதே சரி.

மிகப் பருமனானவர்களுக்கும் இந்த முறை உதவாது. மடிப்பை இரண்டு விரல்களால் ஒழுங்காகத் தூக்கவே முடியாது. அப்படியே தூக்கினாலும், கையைச் சுற்றிக் கொழுப்பு ஒரே தடிமனில் இருக்கிறது என்ற அடிப்படை அனுமானம் அங்கே பெரிதாக உடைந்துபோகும். பின்புறம் தடித்தும் முன்புறம் மெலிந்தும் இருப்பதே இயல்பு. முதியவர்களின் தோல் தளர்ந்திருப்பதால் மடிப்பு எளிதில் நசுங்கும். பக்கவாதத்தில் செயலிழந்த கையையும், டயாலிசிஸுக்காக இரத்தக்குழாய் இணைப்பு செய்த கையையும் அளக்கக் கூடாது, மறுகையை எடுக்க வேண்டும். ஹெய்ம்ஸ்ஃபீல்டின் திருத்தத்துக்குப் பிறகும் ஒரு தனிமனிதரின் எண்ணில் ஏழெட்டு சதவீதம் பிழை இருக்கும் என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

இத்தனை குறைகளோடும் இந்த எண் நோயின் போக்கைச் சொல்கிறது. இத்தாலியில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 212 கல்லீரல் சுருக்க நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து, 2001-ல் ஆல்பெரினோ குழுவினர் முடிவுகளை வெளியிட்டார்கள். மேற்கைத் தசை மிகக் குறைந்தவர்கள் மற்றவர்களைவிட விரைவில் இறந்தார்கள். கல்லீரல் நோய்க்கு வெளியிலும் இதே கதைதான். எழுபது வயதைத் தாண்டிய ஆஸ்திரேலியர்களைத் தொடர்ந்த மிஷெல் மில்லரின் ஆய்வில், எலும்பு நீக்கிய தசைப்பரப்பு ஏறக்குறைய 21.5-க்குக் கீழே இருந்தவர்களுக்கு எட்டு ஆண்டுகளில் மரண ஆபத்து கூடுதலாக இருந்தது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளிடம் ஸ்பெயினில் நடந்த ஆய்வு ஒன்று, பிஎம்ஐ-யைவிடத் தசைப்பரப்பே உயிர்வாழ்வைச் சரியாகக் கணிக்கிறது என்று 2005-ல் சொன்னது.

கல்லீரல் நோயில் தசை ஏன் இவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எண் குறைவாக வந்தவருக்கு என்ன செய்வது என்பதும் தெளிவாகும். நலமான கல்லீரல் சர்க்கரையைச் சேமித்து வைத்து, இரவு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்துக்குக் கொடுக்கும். சுருங்கிய கல்லீரலில் அந்தச் சேமிப்புக்கு இடமில்லை. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் காலை எட்டுவரை சும்மா இருந்தால், நலமான ஒருவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்ததற்குச் சமமான நிலைக்கு அவர் உடம்பு போய்விடும். உடம்பு சர்க்கரைக்காகத் தசையை உடைக்கத் தொடங்கும். தினம் இரவு இது நடக்கிறது. இழப்பின் விளைவும் கல்லீரலுக்கே திரும்புகிறது. இரத்தத்திலுள்ள அம்மோனியாவைச் சுத்தம் செய்யும் வேலையில் கல்லீரலுக்கு அடுத்தபடி கைகொடுப்பது தசை. தசை குறைந்தால் அம்மோனியா கூடி, மூளை மந்தமாகிக் குழப்பம் வரும் வாய்ப்பும் கூடும்.

ஆகவே இரவு படுக்கும் முன் ஒரு சிற்றுணவு என்பது இந்த நோயில் மருந்தைப்போலவே முக்கியம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே சத்துணவுப் பானத்தை ஒரு குழுவுக்குப் பகலிலும் மற்றொரு குழுவுக்கு இரவிலும் ஓராண்டு கொடுத்தார்கள். உடம்பின் புரதம் கூடியது இரவில் அருந்தியவர்களுக்குத்தான். ஐரோப்பிய கல்லீரல் சங்கத்தின் 2019 வழிகாட்டி, நாளொன்றுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம்வரை புரதம் வேண்டும் என்கிறது. நீர் நீக்கிய 59 கிலோ எடைக்கு அது ஏறக்குறைய 71 முதல் 88 கிராம். குழப்பநிலை வந்தவர்களுக்குக்கூடப் புரதத்தைக் குறைக்க வேண்டாம் என்றும் அது சொல்கிறது.

நம் ஊரில் நடப்பது இதற்கு நேர்மாறு. மஞ்சள்காமாலை, கல்லீரல் வீக்கம் என்றதும் முட்டை நிறுத்தம், பருப்பு நிறுத்தம், பால் நிறுத்தம். கஞ்சியும் மோரும் பழச்சாறும்தான். வயிற்று நீரால் எடை குறையாமல் நிற்பதால், பத்தியம் ஒத்துக்கொண்டதாகவே எல்லாரும் நினைக்கிறார்கள். அந்தக் கஞ்சிப் பத்தியம் கல்லீரலைக் காப்பதில்லை. மிச்சமிருக்கும் தசையைத்தான் தின்கிறது. எடைப் பதிவு மட்டும் உள்ள நோட்டில் இந்தச் சேதம் ஒருநாளும் ஏறாது.

முதுகெலும்பின் மூன்றாவது இடுப்புக் கணுவருகே எடுக்கும் சிடி ஸ்கேனில் தசையை இதைவிடத் துல்லியமாக அளக்கலாம். வேறு காரணத்துக்காக ஏற்கெனவே ஸ்கேன் எடுத்திருந்தால் அதைப் பயன்படுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கதிர்வீச்சும் செலவும் யாருக்கும் கட்டுப்படியாகாது. நாடாவும் காலிப்பரும் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை.

வீட்டில் கல்லீரல் சுருக்க நோயாளி இருப்பவர்கள் அடுத்தமுறை மருத்துவமனைக்குப் போகும்போது, எடையோடு மேற்கைச் சுற்றளவையும் தோல் மடிப்பையும் ஊட்டச்சத்து நிபுணரிடம் எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். எந்தக் கை, என்ன தேதி, யார் எடுத்தார்கள் என்பதை நோட்டில் எழுதி வையுங்கள். தசைப்பரப்பு குறைந்துகொண்டே வந்தால், பத்தியத்தை மாற்றுவது பற்றியும் இரவுச் சிற்றுணவு பற்றியும் மருத்துவரிடம் அன்றே பேசுங்கள். எடை கூடியிருக்கிறது என்பதற்காக அந்தப் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள்.